ரிசர்வில் இரண்டு கோடி, பேங்கில் பன்னிரண்டு லட்சம்: டிவிடெண்ட் எங்கிருந்து போகிறது?

கொங்குப் பக்கம் பல தொழில்கள் பார்ட்னர்ஷிப்பாகத்தான் தொடங்குகின்றன. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு நாலு மெஷினோடு ஆரம்பிப்பார்கள். அங்கே கணக்கு எளிது. ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு மூலதனக் கணக்கு உண்டு. போட்ட பணமும் அதில்தான் சேரும், வருஷ லாபத்தில் அவர் பங்கும் அதில்தான் சேரும். வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்தால் அதிலேயே கழியும். எது முதல், எது லாபம் என்று பிரித்து வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தொழில் வளர்ந்து பிரைவேட் லிமிடெட் ஆனதும் இந்தப் பழக்கம் செல்லாது. கம்பெனி கணக்கில் உரிமையாளர்களுடைய பணம் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். எந்தப் பகுதியிலிருந்து வெளியே எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதைச் சட்டம் சொல்லும். பார்ட்னர்ஷிப் மனநிலையோடு கம்பெனி பேலன்ஸ் ஷீட்டைப் படிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். அதனால் ஒரே ஒரு கம்பெனியை எடுத்துக்கொண்டு, அது லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டாகக் கொடுக்கும்போது எந்தெந்த எண் நகர்கிறது என்று பார்ப்போம்.

கம்பெனி கற்பனைதான். அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து, ஒரு பங்கு 10 ரூபாய் முகமதிப்பில் 8 லட்சம் பங்குகள் எடுத்து ஆரம்பித்தார்கள். அண்ணனுக்கு 5 லட்சம் பங்கு, தம்பிக்கு 3 லட்சம். சில வருஷம் கழித்து, கம்பெனி நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது கரூரிலிருந்து மாமா ஒருவர் உள்ளே வந்தார். அவருக்கு 2 லட்சம் பங்கு. ஆனால் விலை 10 ரூபாய் இல்லை, 35 ரூபாய். அதற்குள் கம்பெனியிடம் சேர்ந்த லாபமும், பிடித்து வைத்த பையர்களும் இருந்ததால் புதிதாக வருபவர் கூடுதல் விலை கொடுப்பது நியாயம்தான்.

மாமா மொத்தம் 70 லட்சம் கொடுத்தார். இந்தப் பணம் கணக்கில் இரண்டாகப் பிரியும். பங்குக்கு 10 ரூபாய் வீதம் 20 லட்சம் பங்கு மூலதனத்தில் சேரும். மீதி 25 ரூபாய் வீதம் 50 லட்சம் பங்கு பிரீமியம் என்ற தனிக் கணக்கில் நிற்கும். ஆக, பங்கு மூலதனம் 80 லட்சமும் 20 லட்சமும் சேர்ந்து ஒரு கோடி. பிரீமியம் 50 லட்சம். இந்த ஒன்றரைக் கோடியும் பங்குதாரர்கள் தங்கள் பையிலிருந்து போட்டது. கம்பெனி சம்பாதித்தது இல்லை.

சம்பாதித்தது வேறு பகுதியில் இருக்கிறது. வருஷா வருஷம் வந்த லாபத்தில் தேய்மானமும் வரியும் போக மிஞ்சியதில் ஒரு பகுதியை ஜெனரல் ரிசர்வ் என்ற கணக்குக்கு மாற்றி வைத்தார்கள். அது 60 லட்சம். மாற்றாமல் லாப நஷ்டக் கணக்கின் மீதியாகவே விட்டது இந்த வருஷ லாபம் 50 லட்சத்தையும் சேர்த்து 140 லட்சம். பேலன்ஸ் ஷீட்டில் இதற்கு சர்ப்ளஸ் என்று பெயர். பிரித்துக் கொடுக்காமல் கம்பெனிக்குள்ளேயே நிறுத்திய லாபம் என்பது இதுதான்.

மார்ச் 31 அன்று பேலன்ஸ் ஷீட் இப்படி இருக்கிறது. எல்லாம் லட்சத்தில்.

| பணம் எங்கிருந்து வந்தது | | எதுவாக இருக்கிறது | |
|---|---|---|---|
| பங்கு மூலதனம் | 100 | நிலம், கட்டடம், மெஷின் | 320 |
| பங்கு பிரீமியம் | 50 | நூல், துணி, பீஸ் ஸ்டாக் | 150 |
| ஜெனரல் ரிசர்வ் | 60 | பையர்களிடம் வர வேண்டியது | 200 |
| சர்ப்ளஸ் | 140 | ஜிஎஸ்டி ரீஃபண்ட் வர வேண்டியது | 18 |
| பேங்க் கடன் | 250 | பேங்க் இருப்பு | 12 |
| நூல் மில்லுக்கும் மற்றவர்களுக்கும் பாக்கி | 100 | | |
| மொத்தம் | 700 | மொத்தம் | 700 |

இதைப் பார்த்ததும் மாமா கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். இந்த ஊரில் இந்தக் கேள்வி கேட்கப்படாத குடும்பக் கம்பெனி குறைவு.

"ஏப்பா, ரிசர்வும் சர்ப்ளஸும் சேர்த்தா ரெண்டு கோடி இருக்குதுன்னு போட்டிருக்குது. பேங்க்ல பன்னெண்டு லட்சந்தான் இருக்குதுங்கற. மிச்சம் எங்க போச்சு?"

"எங்கயும் போகலீங்க மாமா. மெஷினா இருக்குது, நூலா இருக்குது, பையர்கிட்ட பில்லா இருக்குதுங்க."

தம்பி சொன்ன பதிலில் தப்பு இல்லை. அட்டவணையின் இடது பக்கம் பணம் எந்த வழியில் வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. அந்தப் பணம் இப்போது எந்த உருவத்தில் இருக்கிறது என்பது வலது பக்கம். சர்ப்ளஸ் 140 என்றால் எங்கோ ஒரு அக்கவுண்டில் 140 லட்சம் தனியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. இத்தனை வருஷமாகச் சம்பாதித்து வெளியே எடுக்காமல் விட்டது அவ்வளவு. அது தொழிலுக்குள் கலந்துவிட்டது. ஜெனரல் ரிசர்வும் அப்படித்தான். சர்ப்ளஸிலிருந்து 10 லட்சத்தை ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றும் நாளில் ஒரு ரூபாய்கூட பேங்கில் நகர்வதில்லை. புத்தகத்தில் ஒரு வரியில் குறைந்து இன்னொரு வரியில் கூடுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே டிவிடெண்ட் கொடுக்க இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்கு விடை வேண்டும். கொடுக்கச் சட்டப்படி லாபம் இருக்கிறதா? கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா? முதல் கேள்வியை இடது பக்கத்திலும், இரண்டாவதை வலது பக்கத்திலும் தேட வேண்டும். ஒன்றுக்கு ஆம் என்று வந்தால் மற்றதற்கும் ஆம் என்று ஆகிவிடாது.

இனி டிவிடெண்டுக்கு வருவோம். டைரக்டர்கள் 20 சதவீதம் கொடுக்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். இந்தச் சதவீதம் முகமதிப்பின் மேல் கணக்கிடப்படுவது. 10 ரூபாய்க்கு 20 சதவீதம் என்றால் பங்குக்கு 2 ரூபாய். 10 லட்சம் பங்குக்கு 20 லட்சம். அண்ணனுக்கு 10 லட்சம், தம்பிக்கு 6 லட்சம், மாமாவுக்கு 4 லட்சம். மாமா பங்குக்கு 35 ரூபாய் கொடுத்தவர். அவருக்கும் அதே 2 ரூபாய்தான். அவர் போட்ட 70 லட்சத்துக்கு இது 6 சதவீதத்துக்கும் கீழே. "இருபது பர்சன்ட் டிவிடெண்ட்" என்று காதில் விழும்போது, வாங்கிய விலையை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

டைரக்டர்கள் செய்வது பரிந்துரை மட்டும். வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புக்கொண்டால்தான் அது அறிவிக்கப்பட்ட டிவிடெண்ட். வழக்கமான கம்பெனி விதிகளின்படி கூட்டம் அந்தத் தொகையைக் குறைக்கலாம். பரிந்துரைத்ததை விடக் கூட்ட முடியாது. மார்ச்சில் வருஷம் முடிந்தால் இந்தக் கூட்டம் பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். அதனால் மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் இந்த 20 லட்சம் கழிந்திருக்காது. சர்ப்ளஸ் 140 என்றே இருக்கும். டிவிடெண்ட் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்ற தகவல் மட்டும் குறிப்புகளில் வரும். முன்பு அப்படி இல்லை. பரிந்துரைத்த டிவிடெண்டை அந்த வருஷ பேலன்ஸ் ஷீட்டிலேயே கடனாகக் காட்டி சர்ப்ளஸைக் குறைப்பார்கள். 2016-இல் கணக்கியல் தரத்தைத் திருத்திய பிறகு இந்த முறை மாறியது. பழைய பேலன்ஸ் ஷீட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செப்டம்பரில் கூட்டம் ஒப்புக்கொண்ட நாளில் முதல் பதிவு விழுகிறது. சர்ப்ளஸில் 20 லட்சம் குறைகிறது, 'கொடுக்க வேண்டிய டிவிடெண்ட்' என்ற கடன் 20 லட்சம் உருவாகிறது. பணம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து மூன்று பேரும் அந்தத் தொகைக்குக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்கள் போல ஆகிவிடுகிறார்கள். அறிவித்த 5 நாளுக்குள் அந்தத் தொகையைத் தனி பேங்க் கணக்கில் போட்டாக வேண்டும். 30 நாளுக்குள் பங்குதாரர்களிடம் சேர்க்க வேண்டும். தவறினால் டைரக்டர்கள் மேல் நடவடிக்கை வரும், கம்பெனி 18 சதவீத வட்டியும் கொடுக்க வேண்டும். குடும்பக் கம்பெனிதானே, தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது.

பணம் போகும் நாளில் இரண்டாவது பதிவு. அந்தக் கடன் தீர்கிறது, பேங்க் இருப்பு குறைகிறது. 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்தால் 18 லட்சம் பங்குதாரர்களுக்கும் 2 லட்சம் வருமான வரித்துறைக்கும் போகும். கம்பெனியைப் பொறுத்தவரை போனது 20 லட்சம்தான். 2020 ஏப்ரலுக்கு முன் கம்பெனியே டிவிடெண்ட் மேல் தனியாக ஒரு வரி கட்டி வந்தது. அதுவும் லாபத்திலிருந்துதான் போகும். இப்போது அந்த வரி இல்லை. வாங்குபவர் தன் வருமானத்தோடு சேர்த்து வரி கட்டுகிறார்.

எல்லாம் முடிந்த பின் மாறிய எண்களைப் பாருங்கள். சர்ப்ளஸ் 140-லிருந்து 120 ஆனது. பங்கு மூலதனம் 100, பிரீமியம் 50, ஜெனரல் ரிசர்வ் 60. இந்த மூன்றும் அசையவில்லை. வலது பக்கம் பணம் 20 குறைந்தது.

பேங்கில் இருந்ததே 12 லட்சம், 20 லட்சம் எப்படிப் போனது? நடைமுறையில் இரண்டு வழி. பையரிடமிருந்து ஒரு பேமெண்ட் வந்திருக்கலாம். அப்படியானால் வர வேண்டிய பாக்கி பணமாக மாறி, அது டிவிடெண்டாக வெளியேறியது, சிக்கல் இல்லை. பேமெண்ட் வராமல் சிசி என்ற பேங்க் கடன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தால் பேங்க் கடன் 250-லிருந்து ஏறும். பங்குதாரருக்குக் கொடுத்த லாபத்துக்குக் கம்பெனி மாதா மாதம் வட்டி கட்டும். இது சட்டப்படி தப்பில்லை. ஆனால் நூல் மில்லுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி தள்ளிப்போகத் தொடங்குவது பெரும்பாலும் இப்படிப்பட்ட டிவிடெண்டுக்குப் பிறகுதான். கடன் அனுமதிக் கடிதத்தையும் ஒருமுறை படிக்க வேண்டும். டிவிடெண்ட் கொடுக்குமுன் எங்களிடம் கேட்க வேண்டும் என்று பேங்க் அதில் நிபந்தனை போட்டிருப்பது சகஜம்.

சரி, பங்கு மூலதனத்தை ஏன் தொடக்கூடாது? மூன்று பேரும் சம்மதித்தால் அவர்கள் போட்ட பணத்தை அவர்களே எடுத்துக்கொள்வதில் என்ன தப்பு? பார்ட்னர்ஷிப்பில் தப்பே இல்லை. காரணம், அங்கே தொழில் கவிழ்ந்தால் நூல் கொடுத்தவர் பங்காளிகளின் வீடு வரைக்கும் வரலாம். லிமிடெட் கம்பெனியில் அவர் அப்படி வர முடியாது. பங்குக்கான பணத்தை முழுசாகக் கட்டியவருக்கு அதற்கு மேல் பொறுப்பு கிடையாது. இதற்கு ஈடாகச் சட்டம் ஒன்று கேட்கிறது: பங்குதாரர் போட்டதாகக் காட்டிய பணத்தை அவர் சும்மா திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. பல்லடத்து மில் முப்பது நாள் கடனுக்கு நூல் அனுப்புகிறதென்றால், நஷ்டம் வந்தாலும் முதலில் அடி வாங்குவது உரிமையாளரின் அந்த ஒன்றரைக் கோடி என்ற நம்பிக்கையில்தான். மூலதனத்தைக் குறைக்க வேண்டுமானால் அதற்குக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு தனி வழி இருக்கிறது. டிவிடெண்ட் என்ற பெயரில் செய்ய முடியாது.

பிரீமியமும் இதே கதைதான். அது ரிசர்வ் என்ற தலைப்பின் கீழ் வருவதால் பலர் அதை லாபம் என்று நினைத்துவிடுகிறார்கள். மாமா கொடுத்த 50 லட்சத்தை எடுத்து மூன்று பேருக்கும் டிவிடெண்டாகப் பிரித்தால், மாமாவின் முதலையே எடுத்து மாமாவுக்கும் மற்ற இருவருக்கும் கொடுத்ததாகும். போனஸ் பங்கு வெளியிடுவது, பங்கு வெளியீட்டுச் செலவைக் கழிப்பது, பங்குகளைத் திரும்ப வாங்குவது போன்ற சில காரியங்களுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

நிலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துக் கம்பெனிகளில் இதுதான் பெரிய சபலம். 25 லட்சத்துக்கு வாங்கிய நிலம் இன்றைக்கு மூன்று கோடி போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீடு செய்து புத்தகத்தில் மூன்று கோடி என்று ஏற்றினால், இடது பக்கத்தில் மறுமதிப்பீட்டு ரிசர்வ் என்று 275 லட்சம் புதிதாக முளைக்கும். பார்க்க வளமாக இருக்கும். ஆனால் நிலம் விற்கவில்லை, யாரும் பணம் கொடுக்கவில்லை. கையில் வராத இந்த ஆதாயத்தைச் சட்டம் டிவிடெண்டுக்கு உரிய ரிசர்வாகக் கணக்கில் எடுப்பதில்லை. போனஸ் பங்குக்குக்கூட அதைப் பயன்படுத்த முடியாது.

ஆக மிஞ்சுவது ஜெனரல் ரிசர்வும் சர்ப்ளஸும். இரண்டுமே சம்பாதித்த லாபம்தான், இரண்டிலிருந்தும் டிவிடெண்ட் கொடுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்று என்று நினைத்தால் ஒரு மோசமான வருஷத்தில் சிக்கல் வரும்.

1956-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் இருந்த காலத்தில், குறிப்பிட்ட அளவுக்கு மேல் டிவிடெண்ட் கொடுத்தால் லாபத்தில் ஒரு பங்கை ரிசர்வுக்கு மாற்றியே ஆக வேண்டும். 2013 சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. மாற்றுவதும் மாற்றாததும் டைரக்டர்கள் விருப்பம். பழைய பழக்கத்தில் இன்னும் மாற்றிக்கொண்டிருக்கும் கம்பெனிகள் உண்டு. அதன் விளைவை எண்ணோடு பார்ப்போம்.

நம் கம்பெனிக்கு அடுத்த வருஷம் ஆர்டர் குறைந்துவிட்டது. லாபம் 5 லட்சம்தான். முந்தைய மூன்று வருஷ டிவிடெண்ட் 10, 15, 20 சதவீதம். இந்த வருஷமும் 20 சதவீதம், அதாவது 20 லட்சம் கொடுக்க நினைக்கிறார்கள். சர்ப்ளஸில் பழைய 120, இந்த வருஷம் 5, மொத்தம் 125 இருக்கிறது. முன் வருஷங்களில் பிரித்துக் கொடுக்காமல் விட்ட லாபத்திலிருந்து கொடுக்கச் சட்டம் நேரடியாக அனுமதிக்கிறது. 20 லட்சம் கொடுக்கலாம்.

இப்போது இதே எண்களோடு இன்னொரு கம்பெனி. ஒரே வித்தியாசம், அவர்கள் வருஷா வருஷம் மிஞ்சியதை எல்லாம் ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றிவிட்டார்கள். சர்ப்ளஸில் பழைய மீதி எதுவும் இல்லை, ரிசர்வில் 180 லட்சம். லாபம் போதாத வருஷத்தில் ரிசர்வுக்கு மாற்றியதைத் தொட்டு டிவிடெண்ட் கொடுப்பதற்கு 2014-இல் வந்த விதிகள் வரம்பு கட்டுகின்றன. டிவிடெண்ட் விகிதம் முந்தைய மூன்று வருஷச் சராசரியைத் தாண்டக்கூடாது. இங்கே சராசரி 15 சதவீதம். எடுக்கும் தொகை, கட்டப்பட்ட மூலதனமும் ரிசர்வும் சேர்ந்ததில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 100-ம் 180-ம் சேர்ந்து 280. பத்தில் ஒன்று 28 லட்சம். எடுத்த பிறகு மிஞ்சும் ரிசர்வ் மூலதனத்தில் 15 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, அதற்குப் பஞ்சமில்லை. கடைசியில் கட்டிப்போடுவது முதல் வரம்புதான். இவர்கள் 15 லட்சத்துக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த வருஷம் 5 லட்சம் லாபத்துக்குப் பதில் நஷ்டமாக இருந்தால், ரிசர்விலிருந்து எடுப்பதில் முதலில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிட்டு மீதியைத்தான் பங்குதாரர் பக்கம் திருப்ப முடியும்.

உழைத்துச் சேர்த்த அதே லாபம்தான். எழுதி வைத்த வரி வேறு என்பதால் ஒருவர் 20 கொடுக்கலாம், இன்னொருவர் 15-தான் கொடுக்கலாம். அதனால்தான் பேங்கோ ஒப்பந்தமோ கேட்காதபோது லாபத்தை ஜெனரல் ரிசர்வுக்கு மாற்றாமல் சர்ப்ளஸிலேயே விடுவது குடும்பக் கம்பெனிக்கு நல்லது என்பது என் கருத்து. தொழிலுக்குள் பணத்தை நிறுத்த விரும்பினால் டிவிடெண்டைக் குறைத்துக் கொடுத்தாலே போதும்.

டிவிடெண்ட் என்று அறிவிக்காமல் கைமாத்தாக எடுத்துக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் இருக்கிறது. மாமா கம்பெனியிலிருந்து 15 லட்சம் கடனாக வாங்குகிறார், பங்குதாரர்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புத்தகத்தில் சர்ப்ளஸ் குறையாது. கடன் கொடுத்ததாகச் சொத்துப் பக்கத்தில் நிற்கும். ஆனால் இத்தகைய கம்பெனியில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமை உள்ளவருக்குக் கொடுத்த கடனை, சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவு வரை வருமான வரிச் சட்டம் டிவிடெண்டாகவே கருதி அவரிடம் வரி கேட்கும். மாமாவிடம் இருப்பது 20 சதவீதம். பின்னால் அவர் கடனைத் திருப்பிக் கட்டினாலும் போட்ட வரி போட்டதுதான். கணக்கின்படி லாபம் வெளியே போகவில்லை, வரியின்படி போய்விட்டது.

இதையெல்லாம் இதுபோன்ற எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் ஒரே இடத்தில் சரிபார்க்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் ரிசர்வும் சர்ப்ளஸும் ஒரே வரியில் ஒரே தொகையாகத்தான் இருக்கும். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்தக் குறிப்பைத் திறந்தால் பிரீமியம் எவ்வளவு, மறுமதிப்பீடு எவ்வளவு, ஜெனரல் ரிசர்வ் எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். சர்ப்ளஸுக்குக் கீழே ஆரம்ப இருப்பு, அந்த வருஷ லாபம், கொடுத்த டிவிடெண்ட், ரிசர்வுக்கு மாற்றியது, முடிவு இருப்பு என்று வரிசையாக இருக்கும். முந்தைய நஷ்டங்கள் தின்றுவிட்டிருந்தால் அந்த முடிவு இருப்பு மைனஸில் நிற்கும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டாமல் புதிய லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுக்க முடியாது. மேலே பங்கு மூலதனம் அப்போதும் முழுசாக ஒரு கோடி என்றே எழுதியிருக்கும். நம் அவிநாசிக் கம்பெனியின் குறிப்பில், ஆர்டர் குறைந்த அந்த வருஷத்துக்கு, ஆரம்பம் 140, கொடுத்த டிவிடெண்ட் 20, லாபம் 5, முடிவு 125 என்று இருக்கும். புதிதாகப் பரிந்துரைத்த 20 லட்சம் அதற்குக் கீழே வெறும் தகவலாக வந்து, அடுத்த வருஷக் குறிப்பில்தான் கழியும்.